வார்டு குறிப்புகளில் கலந்து கிடக்கும் தேதி, நேரங்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவருவது

கேள்வி: ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டை, கிட்டத்தட்ட 60 பக்கம், டைப் செய்து ஒரே காலவரிசையாகத் தரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் ஒரு மாதிரி தேதி போடுகிறார், நர்ஸ் இன்னொரு மாதிரி. சில இடத்தில் ஏ.எம்., பி.எம். இல்லை, சில தாளில் தேதியே இல்லை. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு எப்படி மாற்றுவது? சந்தேகமானதை எப்படிக் குறிப்பது?

பதில்:

முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள்: படித்த தேதியை நேராக ஒரே வடிவத்துக்கு மாற்றி டைப் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் 60 பக்கமும் முடிந்தபின், எது தாளில் இருந்தது, எது நீங்கள் ஊகித்தது என்று உங்களுக்கே தெரியாது. தாளில் எழுதியிருப்பது ஒரு கட்டத்தில், நீங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பது இன்னொரு கட்டத்தில். இந்தப் பிரிவினை இருந்தால் மற்றதெல்லாம் திருத்தக்கூடிய தவறுகள்தான்.

நான் வைத்துக்கொள்ளும் கட்டங்கள் ஏழு. பக்கமும் வரியும் (23-ஆம் பக்கம் 4-ஆம் வரி என்றால் 023-04), எழுதியவர் (பெயர் தெரியாவிட்டால் ‘நர்ஸ் ஆ’, ‘டாக்டர் இ’ என்று ஒரு அடையாளம்), தாளில் உள்ளபடி, மிக முந்திய சாத்தியம், மிகப் பிந்திய சாத்தியம், குறி, காரணம். இதில் முக்கியமானவை நான்காவதும் ஐந்தாவதும். ஒரு குறிப்புக்கு ஒரே நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ‘6/3 காலை’ என்று எழுதியிருந்தால் அதற்குக் காலை 8 மணி என்று நீங்களாக ஒரு நேரம் கொடுக்க வேண்டியதில்லை. காலை ஷிஃப்ட் 7 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணிக்கு முடிகிறது என்றால் முந்தியது `2024-03-06T07:00`, பிந்தியது `2024-03-06T13:00`. நேரம் தெளிவாக இருந்தால் இரண்டு கட்டத்திலும் ஒரே நேரம் வரும், அவ்வளவுதான்.

வடிவம் ஐஎஸ்ஓ 8601: ஆண்டு, மாதம், நாள், பிறகு 24 மணி நேரக் கணக்கு. இதை எழுத்தாகவே வைத்து வரிசைப்படுத்தினாலும் காலவரிசை சரியாக வரும் என்பதுதான் இதன் பெரிய வசதி. ஸ்ப்ரெட்ஷீட்டில் டைப் செய்யத் தொடங்கும் முன்பே எல்லாக் கட்டத்தையும் டெக்ஸ்ட் என்று அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ‘5/7’ என்று அடித்ததும் அதுவாகவே ஒரு தேதியாக மாறிவிடும்; எந்த ஆண்டு, எது மாதம் என்பதை உங்கள் கணினியின் அமைப்பு முடிவு செய்யும். பிறகு டெக்ஸ்ட் ஆக்கினாலும் முதலில் அடித்தது திரும்பி வராது.

மொத்தமாக நிரல் எழுதி மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பைத்தானில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
import pandas as pd
pd.to_datetime(["04/03/2024", "14/03/2024"], format="mixed")
```

முதலாவது ஏப்ரல் 3 ஆகும், இரண்டாவது மார்ச் 14 ஆகும். 14-ஆம் மாதம் கிடையாது என்பதால் அந்த ஒன்றை மட்டும் நாள் முன்னால் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஒரே கையெழுத்தில் ஒரே மாதிரி எழுதிய இரண்டு தேதிகள் இரண்டு மாதத்துக்குப் போய்விட்டன, அதுவும் வேலையை நிறுத்தாமல். நிரல் சரிபார்க்க உதவும். கையெழுத்தைப் படிப்பது ஆளின் வேலை.

இனி ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். கேஸ் நான் அமைத்தது, சிக்கல்கள் எல்லாம் தினமும் வருபவை. நோயாளி 2024 மார்ச் 4 இரவு அட்மிட் ஆகிறார். மறுநாள் இரவு அறுவை சிகிச்சை. மார்ச் 9 டிஸ்சார்ஜ். அட்மிஷன் தேதியும் டிஸ்சார்ஜ் தேதியும் கணினியில் அச்சான தாளில் இருக்கின்றன. இந்த இரண்டும்தான் வேலி. வேலிக்கு வெளியே போகும் எந்த வாசிப்பும் ஒன்று தவறு, அல்லது பழைய வரலாறு.

அட்மிஷன் நோட்டில் முதல் வரியிலேயே ஒரு பொறி இருக்கிறது: ‘வலி 5/7’. பழக்கமில்லாதவர் ஜூலை 5 என்றோ மே 7 என்றோ எழுதுவார். இது தேதியே இல்லை. வாரத்தின் 7 நாளில் 5, அதாவது ‘ஐந்து நாளாக வலி’ என்பதற்கான சுருக்கக் குறி. இதே முறையில் 2/52 என்றால் இரண்டு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம். கீழே 7, 52, 12 வந்தால் நின்று யோசியுங்கள். அறிகுறிக்குப் பின்னாலோ மருந்தின் பெயருக்குப் பின்னாலோ வந்தால் பெரும்பாலும் கால அளவு. பக்கத்தின் இடது ஓரத்தில் வந்தால் பெரும்பாலும் தேதி. 3/12, 5/7 இரண்டிலும் கொஞ்சம் கவனம், டிசம்பர், ஜூலை மாதக் கேஸ்களில் அவை தேதியாகவும் இருக்கலாம்.

அடுத்து, டாக்டர் ஒருவர் ‘3/5, 7 ஏ.எம்.’ என்று எழுதியிருக்கிறார். மே 3 வேலிக்கு வெளியே. ஆகவே மாதத்தை முன்னால் எழுதுபவர். இதை அந்த ஒரு வரிக்கு மட்டும் தீர்த்துவிட்டு நகராதீர்கள். அவர் எழுதிய வேறு வரிகளையும் தேடுங்கள். ‘3/8’ என்று ஒன்று கிடைத்தால் அவருடைய பழக்கம் உறுதியாகிறது. தேதி எழுதும் பழக்கம் ஆளோடு போவது, தாளோடு அல்ல. அதனால்தான் எழுதியவர் என்ற கட்டத்தை இரண்டாவதாக வைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை போல வைத்துக்கொள்ளுங்கள்: நாள் முன்னாலா மாதம் முன்னாலா, 12 மணிக் கணக்கா 24-ஆ, 1-க்கு மேலே கொக்கி போடுவாரா, 7-க்குக் குறுக்குக் கோடு போடுவாரா. பாதிக் கேஸ் முடியும்போது இந்த அட்டைகள் தாளைவிட அதிகம் பேசும்.

இரவு ஷிஃப்டில்தான் அதிகத் தவறு நடக்கும். நர்ஸ் பக்கத்தின் மேலே ‘4/3 இரவு’ என்று ஒரு முறை எழுதிவிட்டு, கீழே 10, 12, 2, 4, 6 என்று மணியை மட்டும் போட்டுக்கொண்டு போகிறார். தலைப்பில் உள்ள தேதியைக் கீழே எல்லாவற்றுக்கும் இழுத்தால் 2, 4, 6 மணிக் குறிப்புகள் அட்மிஷனுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடும். 12-ஐத் தாண்டியதும் தேதி மாறுகிறது: `2024-03-05T00:00`, பிறகு `2024-03-05T02:00`. தொடர்ச்சியாக எழுதிய பக்கத்தில் இது எளிது. தனியாக ‘5/3 இரவு 12’ என்று ஒரு வரி கிடந்தால் அது 5-ஆம் தேதி தொடங்கும் 12-ஆ, முடியும் 12-ஆ என்று சொல்லவே முடியாது. 24 மணி நேர வித்தியாசம். முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று, ஐயக் குறி.

இதேதான் அனஸ்தீசியா தாளிலும். மேலே 5/3 என்று ஒரே தேதி. உள்ளே போன நேரம் 11.50 பி.எம்., வெளியே வந்த நேரம் 1.15 ஏ.எம். வெளியே வந்தது 6-ஆம் தேதி. இதில் இன்னொரு வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் எத்தனையாவது நாள் என்பதை ‘பிஓடி’ என்று எண்ணுவார்கள். நள்ளிரவைத் தாண்டிய இந்த அறுவையில், ஒரு டாக்டருக்கு அறுவை நாள் 5, ஆகவே 6-ஆம் தேதி பிஓடி 1. இன்னொருவருக்கு நோயாளி வார்டுக்கு வந்தது 6, ஆகவே 7-ஆம் தேதிதான் பிஓடி 1. யார் சரி என்பது நம் வேலை இல்லை. ஒவ்வொருவரும் பிஓடியையும் தேதியையும் சேர்த்து எழுதிய ஓரிடத்தைத் தேடுங்கள். ‘7/3 பிஓடி 2’ என்று ஒருவரும், ‘8/3 பிஓடி 2’ என்று மற்றவரும் எழுதியிருந்தார்கள் என்றால் இருவருடைய கணக்கும் தெரிந்துவிட்டது. தேதியில்லாத தாளில் ‘பிஓடி 2, காலை’ மட்டும் இருந்தால் கையெழுத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். கையெழுத்தும் புரியவில்லையா? 7-ஆம் தேதி காலையிலிருந்து 8-ஆம் தேதி காலைவரை இடைவெளி கொடுத்துவிட்டு நகருங்கள்.

இப்போது இந்தக் கேஸின் நடுநாயகமான தாளுக்கு வருவோம். ஒரு தனித் தாள், தேதி இல்லை. மூன்று வரிகள்:

12.00 – கட்டு உலர்ந்துள்ளது. 4-ஆவது பாட்டில் போடப்பட்டது.
1.40 – பி.பி. 80/50. டாக்டருக்குச் சொல்லப்பட்டது. ஈசிஜி எடுக்கப்பட்டது.
3.00 – பி.பி. 100/60.

ரத்த அழுத்தம் இறங்கியது எப்போது, டாக்டர் வந்தது எப்போது என்பதுதான் இப்படிப்பட்ட வேலையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆகவே இந்த 1.40-ஐ அவசரமாகத் தீர்க்கக்கூடாது.

முதலில் முடியாதவற்றைக் கழிப்போம். ‘கட்டு’ என்று இருப்பதால் அறுவைக்குப் பிந்தியது. 5-ஆம் தேதி நள்ளிரவு 12-க்கு நோயாளி தியேட்டருக்குள் இருந்தார் (11.50 முதல் 1.15 வரை), ஆகவே அந்த 12 இல்லை. மிச்சம் 6-ஆம் தேதி நண்பகல், அன்று நள்ளிரவு, அதற்கடுத்த நாட்கள். இங்கே நர்ஸ் டியூட்டி ரோஸ்டரை எடுத்துக்கொண்டு வருவார்கள். பாருங்கள், ஆனால் அதில் நிற்காதீர்கள். ரோஸ்டர் என்பது திட்டம். டியூட்டி மாற்றிக்கொள்வது எங்கும் நடக்கிறது. வருகைப் பதிவு இருந்தால் அது வேறு விஷயம்.

பாட்டில் எண் நல்ல தடயம். திரவ வரவு–செலவுத் தாள் அச்சிட்ட கட்டங்கள் கொண்டது, காலை 6-இல் தொடங்கி மறுநாள் காலை 6-இல் முடியும், நாளுக்கு ஒரு தாள். அதில் நேரத்தை யாரும் எழுத வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் எழுதினார்கள் என்பதே நேரம். 6-ஆம் தேதித் தாளில் நண்பகல் கட்டத்தில் ‘4-ஆவது பாட்டில்’ என்று இருக்கிறது. அப்படியானால் 12.00 என்பது நண்பகல், 1.40 என்பது `2024-03-06T13:40`.

ஒரு தடயம் கிடைத்தது. இன்னொன்றையும் பார்ப்போம். ஈசிஜி காகிதம் ஒன்றில் இயந்திரம் 06-03-2024 12:48 என்று அச்சடித்திருக்கிறது. அச்சில் இருப்பதால் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வார்டு இயந்திரங்களின் கடிகாரத்தை யாரும் திருத்துவதில்லை. அதே இயந்திரத்தின் மற்ற ஈசிஜிகளை, நேரத்தில் சந்தேகமே இல்லாத குறிப்புகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அட்மிஷன் அன்று நர்ஸ் எழுதியது இரவு 9.50, இயந்திரம் 20:47. மார்ச் 6 அதிகாலை நர்ஸ் எழுதியது 5.15, இயந்திரம் 04:13. வித்தியாசம் 63 நிமிடம், 62 நிமிடம். இயந்திரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பின்தங்கி ஓடுகிறது. ஆக 12:48 என்பது ஏறக்குறைய 13:50. பி.பி. இறங்கிப் பத்து நிமிடத்தில் ஈசிஜி. இரண்டு தடயமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன.

இங்கே ஒரு சுழல் இருக்கிறது, மாட்டிக்கொள்ள வேண்டாம். இயந்திரத்தின் வித்தியாசத்தைக் கணக்கிட இந்த 1.40 தாளையே ஒரு ஜோடியாகப் பயன்படுத்தியிருந்தால், பிறகு அந்த வித்தியாசத்தைக் கொண்டு 1.40-ஐ நிரூபிப்பது வெறும் வட்டம். அதைவிட மோசமான வட்டம் இன்னொன்று: ‘டாக்டர் 1.50-க்கு வந்திருக்கிறார், பி.பி. இறங்காமல் ஏன் வரப்போகிறார், ஆகவே 1.40 மதியம்தான்’ என்பது. டாக்டர் தாமதித்தாரா என்று பார்க்கத்தான் வரிசை கேட்கிறார்கள். தாமதிக்கவில்லை என்று முதலிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைப் படித்தால் விடையை நாமே எழுதிவிட்டோம். கட்டு, பாட்டில், அச்சுக் கட்டம், மை, பக்கத்தின் ஒழுங்கு ஆகியவற்றைக் காரணமாகக் கொள்ளலாம். ‘இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்’ என்ற மருத்துவ எதிர்பார்ப்பைக் கொள்ளக்கூடாது. இதற்காகவே, முடிந்தால் டைப் செய்பவருக்கு இந்தக் கேஸ் ஏன் பார்க்கப்படுகிறது என்று சொல்லாமல் இருப்பது நல்லது.

டாக்டரின் குறிப்பு என்ன சொல்கிறது? ‘6/3, மாலை 3.15, தாமதமாக எழுதியது. 1.30-க்கு அழைத்தார்கள், 1.50-க்கு வந்தேன்.’ ஒரு குறிப்பில் மூன்று நேரம். எழுதிய நேரம் வேறு, நடந்த நேரம் வேறு; வரிசையில் போக வேண்டியது நடந்த நேரம். அழைத்தது 13:30 என்று ஒரு வரி, வந்தது 13:50 என்று ஒரு வரி, எழுதிய நேரத்தைக் காரணக் கட்டத்தில் வைத்துவிடுங்கள். நர்ஸ் சொன்னது 1.40, டாக்டர் சொல்வது 1.30. இதில் யாரையும் திருத்தாதீர்கள். ஒருவர் பார்த்தது சுவர்க் கடிகாரமாக இருக்கும், இன்னொருவர் கைக்கடிகாரம். கையால் எழுதிய நேரங்கள் பெரும்பாலும் 5-இலும் 10-இலும் முடிவதைக் கவனித்திருப்பீர்கள், எல்லோரும் முழுமையாக்கித்தான் எழுதுகிறார்கள். பத்து நிமிடத்துக்குள் வரும் இரண்டு குறிப்புகளில் எது முன், எது பின் என்று கையெழுத்தை வைத்து உறுதியாகச் சொல்வதில்லை என்பது என் வழக்கம். இரண்டையும் வைத்து ‘முரண்’ என்று குறித்துவிடுவேன்.

குறிகள் நான்கு போதும். தேதி, மணி, காலை–மாலை எல்லாம் தாளிலேயே இருந்தால், அல்லது சம்பந்தமில்லாத இரண்டு தடயம் ஒத்துப்போனால் ‘உ’, உறுதி. ஒரே தடயத்தை வைத்து முடிவு செய்தால் ‘ஊ’, ஊகம். ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்பு மிச்சமிருந்தால் ‘ஐ’, ஐயம். இரண்டு ஆவணம் மோதினால் ‘மு’. சதவீதம் போட்டு 70, 80 என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் கேட்டால் அவர்களாலேயே விளக்க முடியாது. நம் 1.40 வரி இப்படி முடிகிறது:

```
031-02 | நர்ஸ் ஆ | 1.40 | 2024-03-06T13:40 | 2024-03-06T13:40 | உ, மு
காரணம்: 4-ஆவது பாட்டில் 6/3 நண்பகல் கட்டத்தில்; ஈசிஜி 12:48 + 62 நிமிடம்; டாக்டர் குறிப்பில் அழைத்தது 1.30
```

இதே கேஸில் தீராத ஒன்றும் இருந்தது. 7-ஆம் தேதி, வடிகுழாய் எடுத்த நேரம் 1.30-ஆ 7.30-ஆ என்று தெரியவில்லை. அந்த நர்ஸ் 1-க்குக் கொக்கி போடுபவர், 7-க்குக் குறுக்குக் கோடு போடாதவர். மேலும் கீழும் வேறு வரி இல்லை. இதற்கு முந்தியது 01:30, பிந்தியது 19:30 என்று கொடுத்தால் 18 மணி நேர இடைவெளி ஆகிவிடும், ஆனால் உண்மையில் சாத்தியம் நான்கே நேரங்கள். இப்படித் தனித்தனி வாசிப்புகள் இருந்தால் முந்திய நேரத்தில் ஒரு முழு வரி, மற்ற மூன்று இடத்திலும் ‘044-01 இங்கும் இருக்கலாம்’ என்று ஒரு சுட்டு வரி. படிப்பவர் எந்த இடத்தில் வந்து நின்றாலும் ஐயம் கண்ணில் படும். நடுவில் ஒரு சராசரி நேரம் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் நிச்சயமாக எதுவும் நடக்கவில்லை.

டைப் செய்து முடித்ததும், வரிசைப்படுத்துவதற்கு முன்னால், பக்க ஒழுங்கிலேயே ஒரு சோதனை ஓட்டுங்கள். முந்தியது D கட்டத்திலும் பிந்தியது E கட்டத்திலும் இருந்தால்:

```
=IF(E3<D2,"பின்னோக்கு","")
```

ஒரே பக்கத்தில் கீழ்வரி மேல்வரியைவிடக் கட்டாயம் முந்தியதாக வந்தால் இது காட்டிக்கொடுக்கும். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நள்ளிரவில் தேதியை மாற்ற மறந்திருப்பீர்கள், காலை–மாலையைத் தவறாக எடுத்திருப்பீர்கள், அல்லது எழுதியவரே தாமதமாக எழுதியிருப்பார். முதல் இரண்டும் உங்கள் தவறு, மூன்றாவது தகவல். கிழமை எழுதியிருந்தால் அதையும் சரிபாருங்கள். ‘5/3 புதன்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. 2024 மார்ச் 5 செவ்வாய். தேதி தவறா கிழமை தவறா என்பது பக்கத்திலுள்ள மருந்து எண்ணிக்கையைப் பார்த்தால்தான் தெரியும், அதுவரை ‘மு’.

நேரம் இருந்தால் இன்னொருவர் தனியாக, உங்கள் வாசிப்பைப் பார்க்காமல், தேதி–நேரக் கட்டங்களை மட்டும் மறுபடி படிக்கட்டும். இருவரும் வேறுபடும் வரிகள்தான் உண்மையான ஐயப் பட்டியல். நீங்கள் உறுதி என்று நினைத்த சில வரிகளும் அதில் வந்து நிற்கும்.

அந்தப் பட்டியலோடு எழுதியவரிடமே போகலாம். போகும்போது தாளை மட்டும் காட்டுங்கள், ‘இது 1.30 தானே?’ என்று கேட்காதீர்கள். ‘இதைப் படித்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். சொன்னதை யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று காரணக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலத் தாளில் பேனா படக்கூடாது, அவருடையதும்கூட.